‘மாரடைப்பு பாதியாகக் குறைந்தது’ என்ற செய்தி வந்தால்: 9 குறிப்புகள்

மருந்து ஆய்வுச் செய்திகளில் பெரும்பாலும் ஒரே ஒரு சதவீதம்தான் இருக்கும். அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் அதை மட்டும் வைத்துக்கொண்டு மருந்தால் நமக்கு எவ்வளவு நன்மை என்று சொல்ல முடியாது. ஓர் உண்மையான ஆய்வை எடுத்துக்கொண்டு, அதைப் படிக்கும் முறையைப் பார்ப்போம்.

2008 நவம்பரில், அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் நடந்த இதய மருத்துவ மாநாட்டில் ‘ஜூபிடர்’ என்ற ஆய்வின் முடிவு வெளியானது. ரோசுவாஸ்டாட்டின் என்ற கொலஸ்ட்ரால் மாத்திரையை 20 மில்லிகிராம் அளவில், இதயநோய் இல்லாதவர்களுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வு அது. அவர்களுக்குக் கெட்ட கொலஸ்ட்ரால் அதிகமில்லை. உடலில் அழற்சி இருப்பதைக் காட்டும் சி.ஆர்.பி. அளவு மட்டும் சற்றுக் கூடுதல். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு மருந்தில்லாத போலி மாத்திரை. மாரடைப்பு 54 சதவீதம் குறைந்தது என்பது முடிவுகளில் ஒன்று.

1. சதவீதத்தைப் பார்த்தவுடன், ‘எதில் 54 சதவீதம்?’ என்று கேளுங்கள். பாதி விலை என்று பலகை தொங்கினால், அது கொத்தமல்லிக் கட்டுக்கா, பட்டுப்புடவைக்கா என்று பார்த்துத்தானே எவ்வளவு மிச்சம் என்று சொல்வோம்? அதேபோல, மருந்தில்லாமல் எத்தனை பேருக்கு நோய் வந்திருக்கும் என்பது தெரியாதவரை, ‘பாதியானது’ என்ற சொல்லால் பயனில்லை.

2. ஒரு தாளில் நான்கு எண்களுக்கு இடம் விடுங்கள். போலி மாத்திரைக் குழுவில் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேருக்கு நோய் வந்தது? மருந்துக் குழுவில் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேருக்கு வந்தது? ஜூபிடர் ஆய்வில் மொத்தம் 17,802 பேர், குழுவுக்கு 8,901 பேர். போலி மாத்திரை சாப்பிட்டவர்களில் 68 பேருக்கு மாரடைப்பு வந்தது. மருந்து சாப்பிட்டவர்களில் 31 பேருக்கு வந்தது. வித்தியாசம் 37 பேர்.

இந்த 37ஐ எந்த எண்ணால் வகுக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மாரடைப்பு வந்த 68 பேரை அடியில் வைத்து வகுத்தால் 54 சதவீதம். மருத்துவர்கள் இதை ரிலேட்டிவ் ரிஸ்க் ரிடக்‌ஷன், அதாவது ஒப்பீட்டுக் குறைவு என்பார்கள். குழுவில் இருந்த 8,901 பேரையும் அடியில் வைத்து வகுத்தால் 0.4 சதவீதம். இது அப்சல்யூட் ரிஸ்க் ரிடக்‌ஷன். நான் இதைத் தலைக்கணக்கு என்றே சொல்கிறேன், உண்மையில் தலைகளை எண்ணுவதுதான் இது. இரண்டிலும் பொய் இல்லை, இரண்டும் அதே 37 பேரைப் பற்றியவைதான். தலைப்பில் எப்போதும் 54 வருவதும், 0.4 உள்ளே எங்கோ இருப்பதும், சில சமயம் இல்லாமலே போவதும்தான் எனக்கு வருத்தம்.

3. தசமப் புள்ளி மனதில் நிற்காது. அதனால் ஆயிரம் பேராக மாற்றிவிடுங்கள். நோய் வந்தவர்களின் எண்ணிக்கையை 1000ஆல் பெருக்கி, குழுவில் இருந்தவர்களின் எண்ணிக்கையால் வகுத்தால் போதும், கைபேசியில் உள்ள கால்குலேட்டரில் அரை நிமிட வேலை. ஜூபிடரில் மருந்தில்லாத 1000 பேரில் சுமார் 8 பேருக்கு மாரடைப்பு. மருந்து சாப்பிட்ட 1000 பேரில் மூன்று அல்லது நான்கு பேருக்கு. ஆக, ஆயிரம் பேர் தினமும் மாத்திரை சாப்பிட்டதில் சுமார் 4 பேர் மாரடைப்பிலிருந்து தப்பினார்கள். 992 பேருக்கு மாத்திரை இல்லாவிட்டாலும் அந்தக் காலத்துக்குள் மாரடைப்பு வந்திருக்காது. மூன்று, நான்கு பேருக்கு மாத்திரை சாப்பிட்டும் வந்தது.

4. அதையே திருப்பிப் போட்டும் பார்க்கலாம். 8,901ஐ 37ஆல் வகுத்தால் 240. அதாவது ஒருவருக்கு மாரடைப்பைத் தவிர்க்க 240 பேர் மாத்திரை சாப்பிட வேண்டியிருந்தது. வேறு பயன்களையும் சேர்த்தால் இந்த எண் குறையும். அதற்கு 6ஆவது குறிப்பைப் பாருங்கள்.

5. தலைக்கணக்கோடு காலத்தையும் எழுதாவிட்டால் கணக்கு அரைகுறை. ‘ஆயிரத்தில் 4’ என்பது ஒரு மாதத்திலா, பத்து வருடத்திலா? ஜூபிடரில் பங்கேற்றவர்களைக் கவனித்த காலம் இடைநிலை அளவில் 1.9 ஆண்டுகள். ஆகவே தாளில் ‘ஆயிரத்தில் 4, ஏறத்தாழ 2 ஆண்டுகளில்’ என்று எழுத வேண்டும். பத்து வருடம் சாப்பிட்டால் பயன் கூடலாம். ஆனால் எவ்வளவு கூடும் என்பதை இந்த ஆய்வு நேரில் பார்க்கவில்லை. ஐந்தாண்டுப் பயன் என்று செய்தியில் வந்தால், அது எண்ணிப் பார்த்ததா, கணித்துச் சொன்னதா என்று கவனியுங்கள். ஜூபிடர் பற்றி அப்படி வெளியான ஐந்தாண்டுக் கணக்கு கணித்துச் சொன்னதுதான்.

இங்கே இன்னொரு விஷயமும் உண்டு. 520 நோய் நிகழ்வுகள் சேரும்வரை ஆய்வை நடத்துவது என்பதுதான் திட்டம். 393 சேர்ந்தபோதே, பயன் தெளிவாகத் தெரிகிறது என்று 2008 மார்ச் இறுதியில் நிறுத்திவிட்டார்கள். போலி மாத்திரை சாப்பிடுகிறவர்களை வீணாகக் காக்க வைக்கக் கூடாது என்பது நியாயமான காரணம்தான். ஆனால் பயன் உச்சத்தில் தெரியும் நேரத்தில் நிறுத்தினால், கிடைக்கும் சதவீதம் உண்மையைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்க வாய்ப்புண்டு. ‘முன்கூட்டியே நிறுத்தப்பட்டது’ என்ற வரி செய்தியில் இருந்தால் அடிக்கோடிட்டு வையுங்கள்.

6. ‘இதயப் பாதிப்பு’ என்ற சொல்லுக்குள் என்னென்ன சேர்த்திருக்கிறார்கள் என்று பாருங்கள். ஜூபிடரின் முதன்மைக் கணக்கு மாரடைப்பு மட்டுமல்ல. மாரடைப்பு, பக்கவாதம், தீவிர நெஞ்சுவலிக்காக மருத்துவமனையில் சேர்தல், அடைப்பு நீக்க ஸ்டென்ட் அல்லது பைபாஸ் செய்தல், இதயநோய் அல்லது பக்கவாதத்தால் மரணம் ஆகிய ஐந்தில் ஏதாவது ஒன்று நேர்ந்தாலும் எண்ணினார்கள். அப்படி எண்ணியதில் போலி மாத்திரைக் குழுவில் 251 பேர், மருந்துக் குழுவில் 142 பேர். 44 சதவீதக் குறைவு. ஆயிரத்துக்கு 28 பேராக இருந்தது 16 ஆனது, அதாவது 12 பேர் தப்பினார்கள். 82 பேர் மாத்திரை சாப்பிட்டால் ஒருவருக்குப் பயன்.

இப்படிச் சேர்த்து எண்ணுவது தவறில்லை. தனித்தனியாக எண்ணினால் போதுமான எண்ணிக்கை சேராது. ஆனால் ஸ்டென்ட் வைத்துக்கொண்டு மூன்றாம் நாள் வீட்டுக்கு வருவதும் உயிர் போவதும் ஒரே எடை அல்ல. இந்த ஆய்வில் ஸ்டென்ட், பைபாஸ் வகைச் சிகிச்சைகள் 131லிருந்து 71ஆகக் குறைந்தன. கூட்டுக் கணக்கின் குறைவில் பெரிய பங்கு இதற்கு உண்டு. எந்தக் காரணத்தாலும் ஏற்பட்ட மரணங்கள் 247லிருந்து 198ஆகக் குறைந்தன. அதாவது ஆயிரத்துக்கு ஐந்து, ஆறு பேர். என்னைக் கேட்டால், முதலில் தேட வேண்டிய வரி இந்தக் கடைசி வரிதான். மரணத்தை எண்ணுவதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமே இல்லை.

7. நன்மையையும் பக்கவிளைவையும் ஒரே அளவுகோலால் அளக்கவும். நன்மையை ‘54 சதவீதம்’ என்றும், பக்கவிளைவை ‘ஆயிரத்தில் ஆறு பேருக்கு மட்டும்’ என்றும் ஒரே கட்டுரையில் எழுதுவது அடிக்கடி நடக்கிறது. முதலாவது பெரிதாகவும் இரண்டாவது சிறிதாகவும் தெரிவது அளவுகோல் மாறியதால்தான். ஜூபிடரில் புதிதாகச் சர்க்கரை நோய் வந்ததாக மருத்துவர்கள் தெரிவித்தவர்கள் போலி மாத்திரைக் குழுவில் 216 பேர், மருந்துக் குழுவில் 270 பேர். ஒப்பீட்டுக் கணக்கில் 25 சதவீத உயர்வு. தலைக்கணக்கில் ஆயிரத்துக்கு 24ஆக இருந்தது 30 ஆனது.

தாளில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். ‘இரண்டு ஆண்டுகளில், ஆயிரம் பேரில்: இதயப் பாதிப்பு 12 குறைவு, சர்க்கரை நோய் 6 அதிகம்.’ ஆறைப் பன்னிரண்டிலிருந்து கழித்துவிடாதீர்கள். மாரடைப்பும் சர்க்கரை நோயும் வாழ்க்கையில் ஒன்றல்ல. எதற்கு எவ்வளவு எடை என்பது அவரவர் வயதையும், ஏற்கெனவே சர்க்கரை அளவு எல்லையில் நிற்கிறதா என்பதையும் பொறுத்தது.

8. ஆய்வில் இருந்தவர்கள் உங்களைப் போன்றவர்களா? ஜூபிடரில் ஆண்கள் 50 வயதும் பெண்கள் 60 வயதும் கடந்தவர்கள், இதயநோய் இல்லாதவர்கள். ஏற்கெனவே மாரடைப்போ நெஞ்சுவலியோ வந்தவர்களை வைத்து ஸ்காண்டிநேவிய நாடுகளில் நடந்த ‘4எஸ்’ ஆய்வின் முடிவு 1994இல் வெளியானது. அதில் கொடுத்தது இதே வகையைச் சேர்ந்த சிம்வாஸ்டாட்டின். ஐந்தரை ஆண்டுகளில் போலி மாத்திரை சாப்பிட்ட 1000 பேருக்கு 115 பேர் வீதம் இறந்தார்கள். மருந்து சாப்பிட்டவர்களில் 82 பேர். ஒப்பீட்டுக் குறைவு சுமார் 30 சதவீதம்தான். ஆனால் தலைக்கணக்கில் 33 உயிர்.

ஒப்பீட்டுக் குறைவு ஆளுக்கு ஆள் ஏறத்தாழ ஒரே மாதிரி இருப்பது வழக்கம், ஆனால் தலைக்கணக்கு அவரவர் ஆரம்ப ஆபத்தைப் பொறுத்து ஏறும், இறங்கும். அதனால் உங்கள் கணக்கைப் போடுவது சுலபம். அடுத்த பத்தாண்டில் மாரடைப்பு வரும் வாய்ப்பு நூற்றுக்கு 20 என்று மருத்துவர் சொன்னால், 30 சதவீதக் குறைவு என்பது நூற்றுக்கு 6 பேர். வாய்ப்பு நூற்றுக்கு 3 என்றால் ஒருவர்கூட முழுதாக வரவில்லை. ஒரே மாத்திரை ஒரு வீட்டில் அப்பாவுக்கு அவசியமாகவும் மகனுக்குத் தேவையில்லாமலும் இருப்பது இப்படித்தான். செய்தியைப் படித்துவிட்டு, மருத்துவர் கொடுத்த மாத்திரையைத் தானாக நிறுத்துகிறவர்கள் இந்தக் கணக்கைத்தான் தவறவிடுகிறார்கள்.

9. செய்தியில் நான்கு எண்களும் இல்லையென்றால் மூல ஆய்வின் சுருக்கத்தைத் தேடுங்கள். ஆய்வின் பெயரையும் மருந்தின் பெயரையும் சேர்த்து `JUPITER rosuvastatin` என்று தட்டினால் பப்மெட் தளத்தில் சுருக்கம் இலவசமாகவே கிடைக்கும். அதில் `Results` என்ற பத்திக்கு நேரே போங்கள். `hazard ratio 0.56` என்று இருந்தால் 1லிருந்து 0.56ஐக் கழியுங்கள், 6ஆவது குறிப்பில் பார்த்த 44 சதவீதம் வந்துவிடும். அதற்குப் பக்கத்தில் உள்ள வீதங்கள்தான் நமக்கு வேண்டியவை. ஜூபிடரில் அவை நூறு பேருக்கு ஓர் ஆண்டில் 1.36 என்றும் 0.77 என்றும் இருக்கும். கழித்தால் 0.59, அதாவது ஆயிரம் பேருக்கு ஆண்டுக்கு ஆறு பேர். கடைசியில் பணம் கொடுத்தது யார் என்ற வரியையும் படியுங்கள். ஜூபிடருக்குப் பணம் கொடுத்தது அந்த மாத்திரையைத் தயாரித்த அஸ்ட்ராஜெனெகா. அதனால் எண்கள் பொய்யாகிவிடாது. ஆனால் எந்த எண் தலைப்புக்குப் போகிறது என்பதில் பணம் கொடுத்தவருக்கும் அக்கறை இருக்கும்.

இத்தனையும் தேட நேரமில்லாதவர்கள் மருத்துவரிடம் இப்படிக் கேட்கலாம்: “டாக்டர், என்னை மாதிரி நூறு பேர் இந்த மாத்திரையைப் பத்து வருஷம் சாப்பிட்டா எத்தனை பேருக்கு மாரடைப்பு வரும், சாப்பிடலைன்னா எத்தனை பேருக்கு வரும்?” பதிலில் இரண்டு எண்கள் வர வேண்டும். ஒரே ஒரு சதவீதம் வந்தால், ‘எதில்?’ என்று இன்னொரு முறை கேளுங்கள்.