முருகனுக்கே பங்குனியில கல்யாணம், நம்ம வீட்டுல மட்டும் ஏன் யோசிக்கிறாங்க?



திருப்பரங்குன்றத்துல முருகனுக்கும் தெய்வானைக்கும் பங்குனியில திருக்கல்யாணம் நடக்குது. அப்படியிருக்க, சில வீடுகளில் பங்குனி என்றாலே "அந்த மாசம் வேண்டாம்" என்கிறார்கள். என் அக்கா கல்யாணத்துக்குத் தேதி பார்த்தபோது எங்கள் வீட்டிலும் இதே கேள்வி வந்தது. அப்போது நான் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன்.

எல்லா மாதத்தையும் ஒரே காரணத்துக்காகத் தவிர்ப்பதில்லை. ஆடி அம்மனுக்கு உரிய மாதம், விதைப்புக் காலமும் கூட. ஆடியில் கரு உண்டானால் சித்திரை வெயிலில் பிரசவம் வரும் என்பதும் பெரியவர்கள் சொல்லும் காரணம். புரட்டாசி பெருமாள் விரத மாதம். முன்னோருக்கான மகாளய பட்சமும் பெரும்பாலும் அதில்தான் வரும். மார்கழி விடியற்கால வழிபாட்டுக்கு என்று ஒதுக்கியது. ஆடியையும் மார்கழியையும் அநேகமாக எல்லா வீடுகளிலும் தவிர்க்கிறார்கள். புரட்டாசி வீட்டுக்கு வீடு மாறும்.

பங்குனியில்தான் ரெண்டு கட்சி. "தெய்வத்துக்கே கல்யாணம் நடக்கிற மாசம், இதைவிட நல்ல மாசம் ஏது?" என்பது ஒன்று. "அது தெய்வத்துக்கான மாசம், வருஷக் கடைசி வேற, நமக்கு வேண்டாம்" என்பது இன்னொன்று. இதில் சரி தப்பு கிடையாது, குடும்ப வழக்கம்தான். மாப்பிள்ளை வீட்டில் பங்குனிக்குச் சம்மதம், எங்கள் பாட்டிக்குச் சம்மதமில்லை. அதனால் தையிலேயே நாள் தேடினோம்.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ஒரு அமாவாசையிலிருந்து அடுத்த அமாவாசைக்குச் சுமார் 29½ நாள். தமிழ் மாதம் 29 முதல் 32 நாள் வரை போகும். அதனால் சில சமயம் ஒரே மாதத்தில் ரெண்டு அமாவாசையோ ரெண்டு பௌர்ணமியோ விழுந்துவிடும். அதுதான் மல மாதம். அது நல்ல மாதமாகவே இருந்தாலும் பல வீடுகளில் அதில் கல்யாணம் வைக்க மாட்டார்கள். காலண்டரில் ஒரு நிமிஷத்தில் எண்ணிவிடலாம்.

மாதம் முடிவானதும் அப்பா காலண்டரின் முகூர்த்தப் பட்டியலிலிருந்து மூணு நாளைக் குறித்தார். நட்சத்திரம் எண்ணும் வேலை எனக்கு வந்தது. அக்கா ரோகிணி, ரிஷப ராசி. மாப்பிள்ளை பூரம், சிம்ம ராசி.

முறை இதுதான். ஜென்ம நட்சத்திரத்தை 1 என்று வைத்து, கல்யாண நாளின் நட்சத்திரம் வரை எண்ணணும். 9-க்கு மேல் வந்தால் 9-ஆல் வகுத்து மீதியை எடுக்கணும். மீதி 2, 4, 6, 8 வந்தாலோ, மீதியே இல்லாமல் வகுபட்டாலோ நல்லது. 3, 5, 7 ஆகாது. 1 வந்தால் ஜென்ம தாரை. அதையும் பெரும்பாலும் தவிர்ப்பார்கள்.

முதல் நாள் ரேவதி, வளர்பிறை. ரோகிணியிலிருந்து 24, மீதி 6. பூரத்திலிருந்து 17, மீதி 8. ரெண்டு பேருக்கும் சரி, முடிஞ்சுது என்று நினைத்தேன். அப்பா, "ராசியைப் பாருடா" என்றார். ரேவதி மீன ராசி. சிம்மத்துக்கு மீனம் எட்டாவது ராசி, அதாவது மாப்பிள்ளைக்குச் சந்திராஷ்டமம். அந்த நாள் போச்சு.

ரெண்டாவது நாள் மிருகசீரிடம், அதுவும் வளர்பிறை. ரோகிணியிலிருந்து 2. பூரத்திலிருந்து 22, மீதி 4. சந்திராஷ்டமம் யாருக்கும் இல்லை. மூணாவது நாள் உத்திரம். எண்ணிக்கையில் 9, 2 என்று அதுவும் தேறியது, ஆனால் தேய்பிறை. வளர்பிறையில் நல்ல நாள் இருக்கும்போது அது எதுக்கு என்று மிருகசீரிடத்தையே எடுத்தோம்.

அது புதன்கிழமை. காலண்டரில் "மிருகசீரிடம் காலை 10.20 வரை" என்று போட்டிருந்தது. நிறைய பேர் கவனிக்காத இடம் இதுதான். நட்சத்திரம் நாள் முழுக்க இருக்காது. 10.20-க்கு மேல் திருவாதிரை வந்துவிடும், அது கல்யாண நட்சத்திரங்களில் சேராது. புதன்கிழமை எமகண்டம் 7.30 முதல் 9 வரை, ராகு காலம் 12 முதல் 1.30 வரை. ஆக, எமகண்டம் முடிந்தபின் தாலி கட்ட மிச்சமிருந்தது 9-லிருந்து 10.20 வரைதான். அதற்குள் லக்னத்தை ஜோசியர் குறித்துக் கொடுத்தார்.

தேதி பார்க்கும்போது ரெண்டு வீடும் ஒரே பஞ்சாங்கத்தைப் பார்க்கிறீர்களா என்று முதலில் கேளுங்கள். வாக்கியத்துக்கும் திருக்கணிதத்துக்கும் நட்சத்திரம் முடியும் நேரம் மாறும். இப்படி ஒரு மணி நேரம்தான் கையில் இருக்கும் என்றால், அந்த வித்தியாசத்திலேயே முகூர்த்தம் தவறிவிடலாம். மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன்னாடி இதைப் பேசி முடிச்சிடுங்க.

வேலும் மயிலும் துணை.