படிக்கக் கொடுத்த கட்டுரை

நம்பிக்கை: மதிப்பீட்டு அழைப்பை முதலில் ஏற்றுக்கொள்வோம். கட்டுரையைப் படித்துப் பார்த்துச் சரிவராவிட்டால் விலகிக்கொள்ளலாம்.

உண்மை: ஆய்விதழின் அழைப்பு மின்னஞ்சலிலேயே தலைப்பும் சுருக்கமும் இருக்கும். முடிவெடுக்கப் பெரும்பாலும் அவையே போதும். ஏற்றுக்கொண்டதும் முழுக் கட்டுரையும் கைக்கு வந்துவிடுகிறது. படித்ததைப் பிறகு படிக்காததாக்க முடியாது.

தருமபுரியில் நிலத்தடி நீரிலுள்ள புளோரைடை ஆராயும் பேராசிரியர் ஒருவருக்கு, பென்னாகரம் வட்டார ஆழ்துளைக் கிணறுகள் பற்றிய கட்டுரை மதிப்பீட்டுக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அவருடைய மாணவி அதே வட்டாரத்தில் மாதிரி எடுத்து முடித்து, கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறார். சுருக்கத்தைப் பார்த்த உடனே பேராசிரியர் மறுத்துவிட வேண்டும். படித்துவிட்டால், எந்தக் கிணற்றைச் சேர்ப்பது, எவ்வளவு விரைவில் அனுப்புவது என்று மாணவிக்குச் சொல்லும் ஒவ்வொரு யோசனையிலும் அடுத்தவரின் உழைப்பு கலந்துவிடும். அவர் அதை அறிந்தே செய்ய வேண்டும் என்பதில்லை.

நம்பிக்கை: எனக்கு நேரமில்லை, என்னிடம் பணிபுரியும் இளையவரிடம் கொடுத்தால் அவருக்கும் பயிற்சியாக இருக்கும்.

உண்மை: இந்தப் பழக்கம் எதில் கொண்டுபோய் விடும் என்பதற்கு மருத்துவ ஆய்வுலகில் ஒரு பெரிய சான்று உண்டு. 1978 இறுதியில், அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தின் இளம் ஆய்வாளர் ஹெலினா வாக்ஸ்லிக்ட்-ராட்பார்ட், உணவை வெறுத்து உடல் மெலியும் நோயாளிகளிடம் இன்சுலின் ஏற்பிகள் எப்படி இருக்கின்றன என்ற கட்டுரையை ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழுக்கு அனுப்பினார். மதிப்பிடும் பொறுப்பு யேல் பல்கலைக்கழகத்தின் பிலிப் ஃபெலிக்குக்கு வந்தது. அவரிடம் பணிபுரிந்த இந்தியரான விஜய் சோமன் அதே பொருளில்தான் ஆய்வு செய்துகொண்டிருந்தார். ஃபெலிக் கட்டுரையைச் சோமனிடம் கொடுத்தார். பிரசுரிக்க வேண்டாம் என்று இதழுக்குப் பதில் போனது, கட்டுரையும் நிராகரிக்கப்பட்டது.

பிறகு சோமனும் ஃபெலிக்கும் அதே பொருளில் எழுதிய கட்டுரை வேறோர் இதழுக்குச் சென்றது. அந்த இதழ் அதை மதிப்பீட்டுக்கு அனுப்பியது ராட்பார்டின் தலைவர் ஜெஸ்ஸி ராத்துக்கு. அவர் அதை ராட்பார்டிடம் கொடுக்க, அதில் தன் சொந்த வாக்கியங்களையே அவர் கண்டார். 1980இல் நடந்த தணிக்கையில் சோமனின் தரவுகளும் நம்பத்தக்கவையல்ல என்று தெரிந்தது. பல கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. சோமன் பதவி விலகினார். தரவுகளைத் தாமே திரிக்காத ஃபெலிக்கும், அப்போதுதான் ஏற்றிருந்த கொலம்பியா பல்கலைக்கழகப் பதவியை இழந்தார்.

ராத்தும் கட்டுரையை இளையவரிடம்தான் கொடுத்தார், அதனால்தானே திருட்டு வெளிப்பட்டது என்று கேட்கலாம். அது தற்செயல். அதை வைத்து விதியைத் தளர்த்த முடியாது. மாணவருக்குப் பயிற்சி தருவது நல்லதே. முதலில் இதழாசிரியருக்கு எழுதி அனுமதி பெறுங்கள். அறிக்கை அனுப்பும்போது மாணவரின் பெயரையும் தெரிவியுங்கள். இதழாசிரியர்கள் பலர் மறுக்க மாட்டார்கள்.

நம்பிக்கை: பணம் வாங்கவில்லை, ஆசிரியர் உறவினரும் இல்லை. எனவே எனக்கு நலன் முரண் இல்லை.

உண்மை: கோப் எனப்படும் பதிப்பு நெறிக் குழு மதிப்பீட்டாளர்களுக்குத் தந்துள்ள நெறிகள் இதைவிட அகலமானவை. ஒரே நிறுவனத்தில் பணிபுரிவோர், கடந்த 3 ஆண்டுகளுக்குள் வழிகாட்டியாகவோ மாணவராகவோ நெருங்கிய கூட்டாளியாகவோ இருந்தவர் ஆகியோரின் கட்டுரைகளை ஏற்கக் கூடாது என்கின்றன.

நம் மாவட்டத்தில் இது இன்னும் நுணுக்கமாகிறது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் தொடங்கியது; புளோரைடு பாதிப்பைக் குறைப்பதே அதன் நோக்கம். திட்டத்தின் பலனைக் குறைசொல்லும் கட்டுரை ஒன்று, அதற்கு ஒரு காலத்தில் ஆலோசனை வழங்கியவரிடம் வரலாம். அவருக்கு இப்போது ஒரு காசும் வராது. ஆனாலும் கட்டுரையின் முடிவு தவறாக இருக்க வேண்டும் என்று மனம் விரும்பும். இங்கே மறுப்பது மட்டுமே வழியல்ல. தொடர்பை வெளிப்படையாக எழுதிவிட்டால், ஏற்பதா வேண்டாமா என்பதை இதழாசிரியர் தீர்மானிப்பார். ஆசிரியர் பெயர் மறைக்கப்பட்ட கட்டுரையிலும் இதே முறைதான். எந்த ஊரில் யார் மாதிரி எடுத்தார்கள் என்பது இத்துறையில் இருப்பவர்களுக்குத் தெரியும். இன்னார் எழுதியது என்று புரிந்துவிட்டால் அதையும் சொல்லிவிட வேண்டும்.

நம்பிக்கை: மறுத்தால் இதழாசிரியர் வருத்தப்படுவார்.

உண்மை: பதில் வராததற்குத்தான் அவர் வருந்துவார். அழைப்பு வந்த ஓரிரு நாளில், ‘இதே வட்டாரத்தில் எங்கள் குழுவும் ஆய்வு செய்வதால் என்னால் மதிப்பிட இயலாது’ என்று ஒரு வரி எழுதி, தகுதியான வேறு இருவர் பெயரையும் சேர்த்து அனுப்புங்கள்.