பில்லும் பிளேட்டும் ஒரே மெஷினைச் சொல்கிறதா?

மேல்விஷாரத்தில் ஷூ அப்பர் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க் யூனிட் ஒன்றில் தையல் மெஷின்களைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. வாரன்டியில் எதையாவது மாற்றக் கேட்டால் டீலர் உடனே இரண்டு போட்டோ கேட்பார்: ஒன்று பில், இன்னொன்று மெஷினில் இருக்கும் பிளேட். கேட்டதைக் கொடுத்தோம் என்று பலர் இரண்டையும் அனுப்பிவிட்டு இருந்துவிடுகிறார்கள். நான் அனுப்பும் முன் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் படித்துப் பார்ப்பேன்.

எங்கே, எந்தத் தேதியில் வாங்கியது என்பது பில்லில் இருக்கும். ஆனால் மாடலை அரைகுறையாகத்தான் போட்டிருப்பார்கள். பிளேட்டில் மாடல் முழுசாக இருக்கும், வாங்கிய தேதி இருக்காது. உதாரணத்துக்கு ஜூகியின் DDL-8700 சாதா பிளாட் பெட். கனமான சரக்குக்கு DDL-8700H. நூலைத் தானே வெட்டுவது DDL-8700-7. மூன்றுக்கும் பில்லில் '8700 மெஷின் செட்' என்று மட்டும் எழுதும் கடைகள் உண்டு. அந்தக் கடைசி எழுத்தைத் தவறவிட்டால் வேறு பாகம் வந்து இறங்கும்.

அந்த 'செட்' என்ற சொல்லிலும் சிக்கல் இருக்கிறது. ஹெட், மோட்டார், கன்ட்ரோல் பாக்ஸ் என்று தனித்தனியாக வரும் செட்டில் ஒவ்வொன்றுக்கும் தனி பிளேட், தனி சீரியல் நம்பர். கோளாறு மேஜைக்கு அடியில் இருக்கும் பாக்ஸில் இருக்கும்; ஆனால் கைக்கு எட்டுகிறது என்று மேலே இருக்கும் ஹெட்டின் பிளேட்டைப் படம் பிடித்து அனுப்புவார்கள். எது கெட்டதோ அதன் பிளேட்தான் வேண்டும்.

2024 ஆகஸ்டில் எங்கள் மெஷின் ஒன்றின் கன்ட்ரோல் பாக்ஸ் எர்ரர் காட்டி நின்றது. அந்த மெஷினின் பில் 2023 ஜூலை மாதத்தது. வாரன்டி ஒரு வருஷம். கணக்குப்படி முடிந்துவிட்டது, காசு கொடுத்துத்தான் சரிபண்ண வேண்டும் என்று எல்லோரும் சொன்னார்கள். பாக்ஸின் பிளேட் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மாடல் பில்லோடு ஒத்துப்போனது. ஆனால் தயாரித்த மாதம் 2023 செப்டம்பர் என்று இருந்தது. ஜூலையில் வாங்கிய பொருள் செப்டம்பரில் எப்படித் தயாராகும்?

மெக்கானிக்கைக் கேட்டேன். "முன்னாடி ஒரு தடவை டெஸ்ட் பண்ண பக்கத்து மெஷின் பாக்ஸைக் கழட்டி இதுல மாட்டினேன் பாய், அப்படியே விட்டுட்டேன் போல" என்றார். அந்தப் பக்கத்து மெஷினை நவம்பரில் வாங்கியிருந்தோம். அதன் பில்லை எடுத்தால், அதில் எழுதியிருந்த பாக்ஸ் சீரியலும் இந்த பிளேட்டும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தன. வாரன்டி இன்னும் நடப்பில் இருந்தது. நவம்பர் பில்லையும் பிளேட் படத்தையும் சேர்த்து அனுப்பினோம், பாக்ஸை மாற்றிக் கொடுத்தார்கள். பழைய பில்லோடு அனுப்பியிருந்தால் கேட்ட மாத்திரத்திலேயே 'தேதி முடிந்தது' என்று திருப்பியிருப்பார்கள், அதில் அவர்கள் பேரில் தப்பும் இல்லை. எல்லா பிளேட்டிலும் தேதி வெளிப்படையாக இருக்காது. சிலதில் சீரியலுக்குள்ளேயே ஒளிந்திருக்கும். அதை நாமே ஊகிக்காமல் டீலரிடம் கேட்பது நல்லது.

படம் எடுப்பதிலும் கொஞ்சம் கவனம் வேண்டும். முதலில் மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும். பிளேட்டின் மேல் சொல்யூஷனும் எண்ணெயும் படிந்திருக்கும். அதைத் தின்னர் போட்டுத் துடைத்தால் அழுக்கோடு எழுத்தும் போய்விடும். சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணி போதும். ஃபிளாஷ் போட்டால் பளபளப்பில் நம்பர் மறையும். இன்னொருவர் பக்கவாட்டில் டார்ச் பிடிக்க, நேராக எடுத்தால் தெளிவாக விழும். வாட்ஸ்அப்பில் சாதாரண போட்டோவாக அனுப்பினால் படம் சுருங்கி 8, B ஆகத் தெரியும், 0, O ஆகத் தெரியும். டாக்குமென்ட்டாக அனுப்பி, கூடவே நம்பரை டைப் செய்தும் போட்டுவிடுவேன்.

பில் சின்னச் சுருள் காகிதத்தில் வந்தது என்றால் வாங்கிய அன்றைக்கே போட்டோ எடுத்துவிட வேண்டும். அது வெப்பத்தில் அச்சாகும் தாள். சூடு, வெளிச்சம், எண்ணெய் பட்டால் எழுத்து போய்விடும். பத்திரமாக இருக்கட்டும் என்று பிளாஸ்டிக் உறையில் போட்டாலும் சில உறைகளே அதை அழித்துவிடும்.

பில்லில் சீரியல் இல்லை என்றால், நாமே பேனாவில் எழுதிச் சேர்ப்பது ஆபத்து. பார்ப்பவருக்குச் சந்தேகம்தான் வரும். டெலிவரி சலானிலோ வாரன்டி கார்டிலோ இருக்கிறதா என்று தேட வேண்டும். இப்போதெல்லாம் சரக்கு இறங்கும்போதே ஹெட், மோட்டார், பாக்ஸ் மூன்றின் சீரியலையும் பில்லில் கடைக்காரர் கையாலேயே எழுதி சீல் வைக்கச் சொல்கிறேன். பாக்ஸ் ஒவ்வொன்றின் மேலும் அது எந்த மெஷினுக்கு உரியது என்று மார்க்கரில் எழுதியிருக்கிறோம். மெக்கானிக் டெஸ்ட்டுக்கு மாற்றி மாட்டினால், சுவரில் தொங்கும் நோட்டில் ஒரு வரி எழுதாமல் போகக் கூடாது.