பழுது பார்ப்பதா, புதிது வாங்குவதா?

நுழையும்முன்

உடைந்த திறன்பேசியைச் சரிசெய்யக் கேட்கப்படும் தொகை, புதிய திறன்பேசியின் விலையைவிடப் பெரும்பாலும் குறைவாகவே இருக்கும். ஆனால், குறைந்த தொகை எல்லா நேரத்திலும் குறைந்த செலவு ஆகிவிடாது. அத்தொகை எத்தனை மாதப் பயன்பாட்டைத் தரும் என்பதையும் சேர்த்துப் பார்த்த பின்னரே முடிவெடுக்க வேண்டும். அந்தக் கணக்கை ஒரு குடும்பத்தின் வாயிலாக அறிவோம். இப்பாடத்தில் வரும் விலைகள் கணக்கிற்காக எடுத்துக்கொள்ளப்பட்டவை.

செலவழிந்த பணமும் செலவழியப்போகும் பணமும்

கயல்விழி தில்லியில் எட்டாம் வகுப்புப் பயில்பவள். அவளுடைய தாய் வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து, அக்கம்பக்கத்துக் குடியிருப்புகளுக்கு விற்று வருகிறார். யாருக்கு எவ்வளவு மாவு வேண்டும் என்ற செய்தியும், அதற்கான பணமும் அவருடைய திறன்பேசியின் வழியாகவே வந்து சேரும். மூன்று ஆண்டுகளுக்கு முன்பு 16,000 ரூபாய்க்கு வாங்கிய அந்தத் திறன்பேசி படிக்கட்டில் விழுந்து, திரையில் விரிசல் கண்டது. திரையின் கீழ்ப்பகுதி விரல் தொட்டாலும் இயங்கவில்லை. மின்கலமோ நண்பகலுக்குள் தீர்ந்துவிடுகிறது.

“பதினாறாயிரம் கொடுத்து வாங்கியதை எப்படி விட்டுவிடுவது? பழுது பார்ப்போம்” என்றார் தந்தை.

“அப்பா, பழுது பார்த்தாலும் புதிது வாங்கினாலும் அந்தப் பதினாறாயிரம் திரும்பி வராதே! இனிமேல் செலவாகப் போகும் பணத்தை மட்டும்தானே நாம் ஒப்பிட வேண்டும்?” என்று கேட்டாள் கயல்விழி.

அவள் கேட்டது சரியே. இரண்டு வழிகளிலும் ஒரே அளவாக இருக்கும் தொகை, எந்த வழி சிறந்தது என்பதைக் காட்டாது. ஆகவே பழைய விலையைக் கணக்கிலிருந்து நீக்கிவிட வேண்டும். அதன்பின் எஞ்சுபவை மூன்று எண்கள்: பழுது நீக்கும் கட்டணம், எஞ்சிய ஆயுள், மறுவிற்பனை மதிப்பு.

முதல் எண்: பழுது நீக்கும் கட்டணம்

தந்தையும் மகளும் முதலில் அந்நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற சேவை மையத்திற்குச் சென்றனர். திரைக்கு 4,500 ரூபாய், மின்கலத்திற்கு 1,500 ரூபாய், ஆக 6,000 ரூபாய் என்று எழுதித் தந்தனர். கூலியும் வரியும் அதில் அடங்கும். பின்னர் கரோல் பாக் பகுதியில் உள்ள ஒரு கடையில் விசாரித்தனர். அங்கு இரண்டையும் சேர்த்து 3,500 ரூபாய் கேட்டனர்.

ஒரே வேலைக்கு இவ்வளவு வேறுபாடு ஏன்? கயல்விழி கடைக்காரரிடம் கேட்டாள். “நான் போடுவது நிறுவனத்தின் திரை அன்று, அதைப் போலவே செய்யப்பட்ட நகல். மூன்று மாதம் உத்தரவாதம் தருகிறேன்” என்று அவர் மறைக்காமல் கூறினார். நகல் திரைகள் எல்லாம் தீயவை அல்ல. ஆனால், சிலவற்றில் ஒளி மங்கலாக இருக்கும். சில மின்கலத்தை விரைவில் தீர்க்கும். திரைக்கு அடியில் விரல்ரேகை உணரி இருந்தால், அது நகல் திரையில் வேலை செய்யாமலும் போகலாம். எனவே, கட்டணத்தைக் கேட்கும்போதே பாகம் எத்தகையது, உத்தரவாதம் எத்தனை மாதம், கூலியும் வரியும் சேர்ந்ததா ஆகிய மூன்றையும் கேட்டு, பற்றுச்சீட்டில் எழுதி வாங்க வேண்டும்.

இரண்டாம் எண்: எஞ்சிய ஆயுள்

திரையைப் புதிதாக்கினால் திரை மட்டுமே புதிதாகும். திறன்பேசி முழுவதும் புதிதாகிவிடாது. அதன் எஞ்சிய ஆயுளை, மாற்ற இயலாத உறுப்புகளில் எது முதலில் பயனற்றுப் போகுமோ அதுவே முடிவு செய்யும்.

மின்கலம் தேய்வது இயல்பு. பல திறன்பேசிகளின் மின்கலம் சில நூறு முறை முழுதாக மின்னேற்றப்பட்ட பின், தொடக்கத்தில் இருந்த கொள்ளளவில் ஏறத்தாழ 80 விழுக்காட்டிற்கு இறங்கிவிடும். அதை மாற்றிக்கொள்ளலாம். ஆனால், மென்பொருளின் பாதுகாப்புப் புதுப்பிப்பைக் கடையில் வாங்க முடியாது. தயாரிப்பு நிறுவனம் குறிப்பிட்ட ஆண்டுகள் வரையே அதை அனுப்பும். அது நின்ற அன்றே திறன்பேசி நின்றுவிடாது. எனினும், புதிதாகக் கண்டறியப்படும் குறைகள் அதில் திருத்தப்படாமல் தங்கிவிடும். காலப்போக்கில் வங்கிச் செயலிகளும் பழைய மென்பொருளில் இயங்க மறுக்கும். பணப் பரிமாற்றத்திற்குப் பயன்படும் திறன்பேசிக்கு இது பெரிய இடர்.

கயல்விழி நிறுவனத்தின் இணையதளத்தில் பார்த்தாள். அந்த வகைத் திறன்பேசிக்கு இன்னும் 18 மாதங்கள் பாதுகாப்புப் புதுப்பிப்பு வரும் என்று இருந்தது. எனவே, எஞ்சிய ஆயுள் 18 மாதங்கள் எனக் குறித்துக்கொண்டாள்.

மூன்றாம் எண்: மறுவிற்பனை மதிப்பு

உடைந்த நிலையிலேயே அதை எடுத்துக்கொள்ள ஒருவர் 1,500 ரூபாய் தருவதாகக் கூறினார். பழுது பார்த்து வைத்துக்கொண்டால், இன்று கிடைக்கக்கூடிய அந்த 1,500 ரூபாயை இழக்கிறோம். ஆகவே அதுவும் பழுது பார்ப்பதன் செலவே. பலர் மறந்துவிடும் எண் இதுதான். அதே வேளையில், 18 மாதங்கள் கழித்து விற்றால் 1,000 ரூபாய் கிடைக்கும் எனக் கொண்டால், அதைச் செலவிலிருந்து கழித்துக்கொள்ளலாம்.

கணக்கு

கயல்விழி ஒவ்வொரு வழிக்கும் மாதச் செலவைக் கண்டாள்.

சேவை மையத்தில் பழுது பார்த்தால்:
6,000 + 1,500 − 1,000 = 6,500 ரூபாய்
6,500 ÷ 18 = மாதம் ஏறத்தாழ 361 ரூபாய்

கடையில் பழுது பார்த்தால்:
3,500 + 1,500 − 1,000 = 4,000 ரூபாய்
4,000 ÷ 18 = மாதம் ஏறத்தாழ 222 ரூபாய்

அடுத்து, புதிய திறன்பேசி. விலை 13,500 ரூபாய். நான்கு ஆண்டுகள், அதாவது 48 மாதங்கள் பாதுகாப்புப் புதுப்பிப்பு உண்டு. “அதற்கும் இடையில் ஒருமுறை மின்கலம் மாற்ற வேண்டிவருமே!” என்று தந்தை நினைவூட்டினார். அதற்கு 1,500 ரூபாய் சேர்த்தாள். இறுதியில் விற்றால் 1,800 ரூபாய் கிடைக்கும் எனக் கொண்டாள்.

புதிது வாங்கினால்:
13,500 + 1,500 − 1,800 = 13,200 ரூபாய்
13,200 ÷ 48 = மாதம் 275 ரூபாய்

இப்போது ஒன்று தெளிவாயிற்று. சேவை மையத்தின் கட்டணம் புதிய திறன்பேசியின் விலையில் பாதிக்கும் குறைவு. ஆயினும் மாதச் செலவில் அதுவே மிகுதி. கடையின் கட்டணமோ எல்லாவற்றிலும் குறைவாகத் தோன்றுகிறது.

ஆனால், கடைக் கணக்கு ‘நகல் திரை 18 மாதங்கள் உழைக்கும்’ என்ற நம்பிக்கையின் மேல் நிற்கிறது. 4,000 ரூபாயை 275 ஆல் வகுத்தால் 14½ வரும். அதாவது, அத்திரை 15 மாதங்களாவது உழைத்தால்தான் புதிது வாங்குவதைவிட லாபம். எட்டாவது மாதத்திலேயே திரை கெட்டுவிட்டால், மாதச் செலவு 500 ரூபாய் ஆகிவிடும். உத்தரவாதமோ மூன்று மாதங்களுக்கு மட்டுமே.

முடிவு

“பேசுவதற்கும் பாட்டுக் கேட்பதற்கும் மட்டும் என்றால் கடையிலேயே கொடுத்துவிடலாம். எனக்கு இது தொழிற்கருவி. திரை ஒருநாள் நின்றாலும் அன்றைய மாவு வீணாகும்” என்றார் தாய்.

கோடை விடுமுறையில் மதுரைக்குச் செல்லச் சேர்த்து வைத்திருந்த பணத்திலிருந்து புதிய திறன்பேசி வாங்குவதென முடிவாயிற்று. அதனால் அவ்வாண்டு குளிரூட்டப்பட்ட பெட்டியில் செல்ல இயலாது. சாதாரணப் படுக்கைப் பெட்டியிலேயே பயணம். கணக்கு மாதச் செலவைக் காட்டியது. எதை விட்டுக்கொடுப்பது என்பதைக் குடும்பம்தான் தீர்மானித்தது.

இதே கணக்கு வேறொரு நிலையில் வேறொரு விடையைத் தரும். திரை உடையாமல் மின்கலம் மட்டும் தேய்ந்திருந்தால், சேவை மையக் கட்டணம் 1,500 ரூபாய் மட்டுமே. உடையாத திறன்பேசிக்கு இன்று 3,500 ரூபாயும், 18 மாதங்கள் கழித்து 1,500 ரூபாயும் கிடைக்கும் எனக் கொண்டால், செலவு 3,500 ரூபாய். மாதம் ஏறத்தாழ 194 ரூபாய். அப்போது பழுது பார்ப்பதே தக்க வழி.

இக்கணக்கு பொருந்தாத இடமும் உண்டு. நீரில் விழுந்த திறன்பேசியின் உட்பலகை மெல்ல அரிக்கப்படலாம். அதன் எஞ்சிய ஆயுளை எவரும் உறுதியாகக் கூற இயலாது. மின்கலம் வீங்கிப் பின்மூடி மேலெழுந்திருந்தால், கணக்குப் பார்க்கும்வரை காத்திராமல் மின்னேற்றுவதை உடனே நிறுத்திவிட வேண்டும், அது தீப்பற்றக்கூடும். இனி, பழைய திறன்பேசியை விற்பதாயின், படங்களையும் எண்களையும் படியெடுத்துக்கொண்டு, கணக்குகளிலிருந்து வெளியேறி, அனைத்தையும் அழித்த பின்னரே கொடுக்க வேண்டும்.

தெரிந்து தெளிவோம்

இந்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை, 2022 டிசம்பர் 24 அன்று, ‘பழுது பார்க்கும் உரிமை’ இணையதளத்தைத் தொடங்கியது. டிசம்பர் 24 தேசிய நுகர்வோர் நாளாகும். பொருள்களின் பழுதுநீக்கம், உதிரிபாகங்கள், உத்தரவாதம் ஆகியவை பற்றி நிறுவனங்கள் தரும் செய்திகளை அத்தளத்தில் காணலாம்.

சொற்பொருள்

திறன்பேசி – ஸ்மார்ட்போன்
மின்கலம் – பேட்டரி
மறுவிற்பனை மதிப்பு – பயன்படுத்திய பொருளை விற்றால் கிடைக்கும் தொகை
பற்றுச்சீட்டு – ரசீது
உதிரிபாகம் – கருவியில் தனியே மாற்றத்தக்க உறுப்பு
இடர் – துன்பம், ஆபத்து

மதிப்பீடு

அ. விடை தருக.
1. பழைய விலையான 16,000 ரூபாயைக் கயல்விழி ஏன் கணக்கில் சேர்க்கவில்லை?
2. பழுது பார்க்கும் செலவோடு 1,500 ரூபாயை அவள் ஏன் கூட்டினாள்?
3. பாதுகாப்புப் புதுப்பிப்பு நின்றுபோனால் விளையும் இடர்கள் யாவை?

ஆ. கணக்கிடுக.
ஒரு திறன்பேசியைப் பழுது பார்க்கும் கட்டணம் 2,000 ரூபாய். இன்றைய மறுவிற்பனை மதிப்பு 2,000 ரூபாய். எஞ்சிய ஆயுள் 12 மாதங்கள். அதன்பின் விற்றால் 1,000 ரூபாய் கிடைக்கும். புதிது வாங்கினால் மாதச் செலவு 240 ரூபாய். பழுது பார்த்தால் மாதச் செலவு எவ்வளவு? இரண்டும் இவ்வளவு நெருங்கி வரும்போது வேறு எவற்றை எண்ணிப் பார்ப்பாய்?

இ. எழுதுக.
தாயின் முடிவு சரியா? கடையில் பழுது பார்த்திருக்கலாம் எனக் கருதினால் காரணம் காட்டி ஒரு பத்தி எழுதுக.

ஈ. கற்பவை கற்றபின்
வீட்டில் உள்ள ஒரு திறன்பேசிக்கு மூன்று எண்களையும் பெரியோர் உதவியுடன் கண்டறிந்து, மாதச் செலவைக் கணக்கிட்டு வகுப்பில் பகிர்க.