விடைத்தாள் காட்டும் வழி

மதுரையை அடுத்த மேலூரில் பதினோராம் வகுப்புப் பயிலும் மாணவி ஒருத்தி, காலாண்டுத் தமிழ்த் தேர்வில் 90க்கு 62 மதிப்பெண் பெற்றாள் எனக் கொள்வோம். எதை மாற்ற வேண்டும் என்பதை அவ்வெண் மட்டும் உணர்த்தாது. இழந்த 28 மதிப்பெண்ணை வினாவகைப்படி பிரித்தால் உண்மை புலப்படும். ஒரு மதிப்பெண் வினாக்களில் 1, குறுவினாக்களில் 4, மனப்பாடப் பகுதியில் 1. எஞ்சிய 22 மதிப்பெண்ணும் சிறுவினா, நெடுவினாக்களில் இழந்தவை.

அவ்விடைகளின் ஓரத்தில் ஆசிரியர் எழுதிய குறிப்புகளை அவள் ஒருங்கே தொகுத்தாள். 'சான்று தருக' என்பது ஐந்து இடங்களிலும், 'வினாவின் பிற்பகுதிக்கு விடையில்லை' என்பது மூன்று இடங்களிலும் இருந்தன. ஒருமுறை வந்த குறிப்பு தற்செயலாகலாம். மீண்டும் மீண்டும் வருவது பழக்கத்தைக் காட்டும். பாடப்பொருளை அவள் அறிவாள் என்பதைக் குறுவினா மதிப்பெண்களே காட்டுகின்றன. ஆகவே, பாடத்தை மறுபடி படிப்பது தீர்வாகாது. எழுதுமுன் வினாவின் பகுதிகளை அடிக்கோடிடுதலும், ஒவ்வொரு கருத்துக்கும் ஒரு சான்று காட்டுதலுமே அவள் மேற்கொள்ள வேண்டிய மாற்றங்கள். இறுதி வினாக்கள் எழுதப்படாமல் விடுபட்டிருந்தால், குறை நேரப் பங்கீட்டில் இருந்திருக்கும், தீர்வும் வேறாகியிருக்கும்.

அரையாண்டு விடைத்தாளில் 'சான்று தருக' என்னும் குறிப்பு குறைந்துள்ளதா என்பதையே அவள் முதலில் நோக்க வேண்டும். வினாத்தாள் எளிதாயின் மொத்த மதிப்பெண் தானே உயரும். பழக்கம் மாறினால்தான் குறிப்பு மறையும்.