6:30-க்கு டொரண்டோ: நேரலைக்கு ஒரு நிமிடக் கணக்குத் தாள்

கேள்வி: எங்கள் வாசகர் வட்டம் நவம்பர் இறுதியில் ஒரு நூல் வெளியீட்டு விழாவை யூடியூபில் நேரலையாகத் தரப்போகிறது. மாலை 6 மணி முதல் 7:15 வரை. டொரண்டோவில் இருக்கும் எழுத்தாளர் ஒருவர் 6:30-க்கு ஜூமில் பேசுவார். வேலைக்குக் கிளம்ப வேண்டும் என்பதால் 6:45-க்கு மேல் இருக்க மாட்டார். போன முறை அழைப்பிதழில் அச்சிட்ட நிரலை வைத்தே நடத்தினோம். விருந்தினரின் முறை வருவதற்குள் அவர் கிளம்பிப் போய்விட்டார். இந்த முறை நிமிடக் கணக்கோடு ஒரு தாள் எழுத விரும்புகிறோம். எப்படி எழுதுவது?

*— வாசகி, தென்காசி*

பதில்: அழைப்பிதழின் நிரல் யார் யார் பேசுகிறார்கள் என்று மட்டும்தான் சொல்லும். நேரலைக்கான தாள், 'இந்த நிமிடத்தில் நாம் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறோமா, இல்லையென்றால் எதை விடப்போகிறோம்' என்பதைச் சொல்ல வேண்டும். அதனால் முதல் வரியிலிருந்து எழுதத் தொடங்காதீர்கள். நகர்த்தவே முடியாத நேரம் எது என்று பார்த்து, அங்கிருந்து பின்னோக்கி எழுதுங்கள். உங்களுக்கு அது 6:30.

முதலில் அந்த நேரத்தையே சரிபாருங்கள். டொரண்டோவில் நவம்பர் முதல் ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்கு வைப்பார்கள். நம்முடைய மாலை 6:30 அக்டோபரில் டொரண்டோவுக்குக் காலை 9 மணி. நவம்பர் இறுதியில் 8 மணி. விருந்தினரிடம் அக்டோபரில் பேசி நேரம் குறித்திருந்தால் மறுபடியும் கேளுங்கள். தாளில் இரண்டு ஊர் நேரத்தையும் எழுதுங்கள்.

இனி பின்னோக்கி. 6:26 முதல் 6:30 வரை எதுவும் வைக்காதீர்கள். அந்த 4 நிமிடம் உங்கள் கையிருப்பு. 6:20-க்கு இரண்டாம் மதிப்புரை, 6 நிமிடம். 6:12-க்கு முதல் மதிப்புரை, 8 நிமிடம். 6:05-க்கு வெளியீடு, முதல் பிரதி பெறுதல், புகைப்படம், எல்லாம் சேர்த்து 7 நிமிடம். 6:00-க்குத் தமிழ்த்தாய் வாழ்த்தும் வரவேற்பும், 5 நிமிடம். இதில் துல்லியமாகத் தெரிந்த அளவு வாழ்த்துக்கு மட்டும்தான்: 55 விநாடிகளில் பாட வேண்டும் என்று 2021-ஆம் ஆண்டின் தமிழக அரசாணை சொல்கிறது. மற்றதெல்லாம் மனிதர்களைப் பொறுத்தது.

பொன்னாடையை இந்தக் கணக்கில் காணோமே என்பீர்கள். நம் விழாக்களில் நேரம் கரைவது பேச்சில் மட்டுமல்ல, பொன்னாடையிலும்தான். பெயர் சொல்லி, மேடைக்கு அழைத்து, போர்த்தி, படம் எடுத்து முடிக்க ஒருவருக்கு ஒரு நிமிடம் ஆகும். எட்டுப் பேர் என்றால் உங்கள் கையிருப்பைப் போல இரண்டு மடங்கு போய்விடும். மரியாதைகளை 5:45-க்குள், நேரலை தொடங்கும் முன்பே முடித்துவிடுங்கள். முடியாது என்றால் மறைக்காமல் தனி வரியாகத் தாளில் எழுதி, அதற்கான நிமிடங்களை வேறெங்காவது குறையுங்கள்.

தாளில் இரண்டு இடங்களில் சிவப்பு மையால் கோடு போடுங்கள். ஒன்று 6:12. அப்போது முதல் மதிப்புரை தொடங்கியிருக்க வேண்டும். 6:16 ஆகியிருந்தால் கையிருப்பு தீர்ந்தது, ஆனால் எதையும் மாற்ற வேண்டாம். அதையும் தாண்டினால் இரண்டாம் மதிப்புரை விருந்தினருக்குப் பின்னால் போகும். இது அன்று மேடையில் எடுக்கும் முடிவாக இருக்கக் கூடாது. அந்த மதிப்புரையாளரிடம் முந்தின நாளே சொல்லிவிட்டால் அவருக்கும் மனத்தாங்கல் இருக்காது. இன்னொரு கோடு 6:18: விருந்தினர் ஜூமுக்குள் வந்து, குரல் சோதனை முடிந்திருக்க வேண்டிய நேரம். சோதனையை ஹெட்போனில் மட்டும் கேளுங்கள். அவருக்குத் திருப்பி அனுப்பும் ஒலியில் மண்டப மைக் மட்டும் இருக்கட்டும். அவருடைய குரலும் அதில் கலந்து போனால், தான் பேசுவதே சற்றுத் தாமதமாகத் தன் காதில் விழ, அவரால் இரண்டு வாக்கியம்கூடத் தொடர்ந்து பேச முடியாது. மிக்சரில் அதற்கென ஒரு தனி ஆக்ஸ் லைன் ஒதுக்கச் சொல்லுங்கள்.

அடுத்தது க்யூ வரி. தொகுப்பாளர் சொல்லும் எந்தச் சொல்லில் திரை மாற வேண்டும் என்பது தாளில் அட்சரம் பிசகாமல் இருக்க வேண்டும். ஒரு வரியை முழுதாக எழுதிக் காட்டுகிறேன்:

```
6:30 (டொரண்டோ காலை 8:00) | 12 நிமிடம் | விருந்தினர் உரை
தயார் : "கடல் கடந்து இந்த நூலை வாசித்த ஒருவர்..."
க்யூ  : "...டொரண்டோவிலிருந்து இப்போது பேசுகிறார்."
திரை  : ஜூம், முழுத்திரை    ஒலி: ஜூம் திறப்பு, மேடை மைக் மூடல்
மாற்று: 6:29-க்கு ஆள் இல்லை என்றால் நூலாசிரியர்
        பக்கம் 41 வாசிப்பு (5 நிமிடம்). முடிவு: மேடை மேலாளர்
```

'தயார்' வாக்கியம் கேட்டதும் இயக்குபவரின் விரல் பட்டனுக்குப் போகும். 'பேசுகிறார்' என்ற சொல்லில் மாற்றுவார். அதே சொல் முன்னால் எங்கும் வராமல் அறிமுகத்தை எழுதுங்கள், இல்லையென்றால் திரை முந்திக்கொள்ளும்.

பேச்சாளர்களின் வாயிலிருந்து க்யூ எடுக்காதீர்கள். 'இறுதியாக' என்று சொன்ன பிறகும் பத்து நிமிடம் பேசுபவர்கள் உண்டு. 'நன்றி, வணக்கம்' சொல்லிவிட்டு, 'ஒன்று விட்டுப்போச்சு' என்று மைக்குக்குத் திரும்புபவர்களும் உண்டு. தொகுப்பாளர் எழுந்து மைக் அருகே வந்து நிற்பதுதான் க்யூ என்று தாளில் எழுதுங்கள்.

மாற்று ஏற்பாடு என்ற கட்டத்தில் பலர் 'வீடியோ போடவும்' என்று மட்டும் எழுதிவைக்கிறார்கள். எப்போது, யார் சொல்லி, அப்புறம் எங்கே திரும்புவது என்ற மூன்றும் இல்லாமல் அது பயன்படாது. உங்கள் விருந்தினர் 6:29-க்கு வரவில்லை. மேடை மேலாளர் சைகை காட்டுகிறார். தொகுப்பாளர் மன்னிப்பு எதுவும் கேட்காமல், 'முதலில் நூலிலிருந்து ஒரு பக்கம் கேட்போம்' என்கிறார். நூலாசிரியர் அடையாளம் வைத்த பக்கத்தை வாசிக்கிறார். அதற்குள் ஒருவர் டொரண்டோவுக்குப் போன் போடுகிறார். 6:36-க்குள் படம் கிடைத்தால் 9 நிமிடம் பேச வைக்கலாம். குரல் மட்டும் கிடைத்தால் அவருடைய புகைப்படத்தைத் திரையில் வைத்து, போன் குரலை மிக்சர் வழியாகக் கொடுங்கள். இரண்டும் இல்லையென்றால், முந்தின நாளே அவர் பதிவு செய்து அனுப்பிய 3 நிமிட வீடியோ. அது இணையத்தில் இல்லாமல் லேப்டாப்பிலேயே இருக்க வேண்டும்.

கேள்வி: நேரலை நடுவில் நெட் போய்விட்டால் புது லிங்க் போடலாமா?

*— வாசகர், மதுரை*

பதில்: வேண்டாம். பழைய லிங்க்கில் காத்திருப்பவர்கள் புதியதைத் தேடி வர மாட்டார்கள். யூடியூப் ஸ்டூடியோவில் நேரலையை அமைக்கும்போதே `Enable Auto-stop` என்பதை அணைத்துவையுங்கள். அது இயங்கிக்கொண்டிருந்தால், உங்கள் பக்கமிருந்து படம் வருவது நின்றதும் நேரலை முடிந்ததாக எடுத்துக்கொள்ளும். அணைத்திருந்தால் அதே லிங்க் காத்திருக்கும். ஓபிஎஸ் தானாகவே மறுபடி இணைய முயலும்.

இரண்டாவது இணைப்பாக மொபைல் ஹாட்ஸ்பாட் வைப்பவர்கள், பிராட்பேண்ட் தரும் நிறுவனமல்லாத வேறு நிறுவனத்தின் சிம்மைப் பயன்படுத்துங்கள். அதைக் காலியான மண்டபத்தில் சோதித்துப் பயனில்லை. இருநூறு பேர் போனோடு உட்கார்ந்த பிறகு வேகம் வேறாக இருக்கும். லேப்டாப்புக்கு யுபிஎஸ் கொடுத்துவிட்டு ரௌட்டரை மறந்துவிடுகிறவர்களும் உண்டு. மின்வெட்டு வந்தால் லேப்டாப் ஓடும், நேரலை நின்றுபோகும்.

மண்டபத்துக்கு வெளியே ஒருவர் மொபைல் டேட்டாவில் நேரலையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அவருக்குத் தெரிவது சாதாரண அமைப்பில் ஏறத்தாழ அரை நிமிடம் பழையது. 'சத்தம் வரல' என்று அவர் சொன்னால், ஒலியைச் சரிசெய்த பின் அரை நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு காத்திருங்கள். அதற்குள் வரும் புகார்களெல்லாம் பழைய கோளாறைப் பற்றியவை. அவற்றை நம்பி மிக்சரை மறுபடி தொட்டால், சரியாகிவிட்ட ஒலியை நீங்களே கெடுத்துவிடுவீர்கள்.