இரண்டுக்கு ஒன்று வந்துவிட்டது, பணம் எங்கே?
விகிதப் பகுப்பாய்வுத் தாளை வகுப்பில் வாசிக்கும் முறை

குலசேகரம் பகுதியில் பன்னிரண்டாம் வகுப்பு வணிகவியல் பிரிவில் இருக்கும் பிள்ளைகள் பலருக்கு ரப்பர் ஷீட் கடை புதிதல்ல. வீட்டில் காய வைத்த ஷீட்டைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போய் எடை போட்டு வந்த அனுபவம் அவர்களுக்கு உண்டு. அதனால் விகிதப் பகுப்பாய்வு அலகு முடிந்ததும், பாடநூல் கணக்குகளுக்கு அடுத்ததாக ஒரு ஷீட் கடையின் இரண்டு ஆண்டு அறிக்கைகளைக் கொடுத்து, ஒரே தாளில் எல்லா விகிதங்களையும் எழுதி வரச் சொன்னேன். எண்கள் வகுப்புக்காக நான் அமைத்தவை. எந்தக் கடையுடையதும் அல்ல.

விடைத்தாள்கள் ஏறக்குறைய ஒரே முடிவையே சொல்லின: "இரண்டாம் ஆண்டில் நிறுவனத்தின் நிலை திருப்திகரமாக உள்ளது." ஒரு மாணவி மட்டும் எழுந்து கேட்டாள்: "சார், ஷீட்டு கொடுத்தவங்களுக்கு 14 லட்சம் பாக்கி. கையில 2 லட்சந்தான் இருக்கு. இது எப்படி நல்ல நிலை?" அந்தக் கேள்விக்குப் பதில் தேடியதுதான் இந்தப் பாடம்.

கொடுத்த அறிக்கை (ரூபாய் இலட்சத்தில்)

| விவரம் | முதல் ஆண்டு | இரண்டாம் ஆண்டு |
|---|---|---|
| விற்பனை (முழுவதும் கடனுக்கு) | 365.00 | 438.00 |
| விற்ற சரக்கின் அடக்கவிலை | 346.75 | 411.72 |
| மொத்த இலாபம் | 18.25 | 26.28 |
| நிகர இலாபம் | 7.30 | 10.95 |
| மார்ச் 31 அன்று சரக்கிருப்பு | 19 | 36 |
| கடனாளிகள் | 15 | 42 |
| ரொக்கமும் வங்கி இருப்பும் | 8 | 2 |
| ஷீட் கொடுத்தவர்களுக்குப் பாக்கி | 6 | 14 |
| வங்கி மேல்வரைப்பற்று | 18 | 26 |

முதல் படி: நீர்மைத்தன்மை

முதல் ஆண்டின் நடப்புச் சொத்துகள் 42, நடப்புப் பொறுப்புகள் 24. எனவே நடப்பு விகிதம் 1.75. இரண்டாம் ஆண்டில் 80-ஐ 40-ஆல் வகுக்க 2 கிடைக்கிறது. சரக்கிருப்பைக் கழித்துவிட்டுப் பார்க்கும் விரைவு விகிதம் 0.96-லிருந்து 1.1 ஆகியிருக்கிறது.

நடப்பு விகிதம் 2:1, விரைவு விகிதம் 1:1 இருந்தால் போதுமானது என்று சொல்லிக் கொடுத்திருக்கிறோம். அந்த அளவுகோலின்படி முதல் ஆண்டு தோற்று, இரண்டாம் ஆண்டு தேர்ச்சி பெறுகிறது. மாணவர்கள் எழுதிய விடையில் வகுத்தல் பிழை எதுவும் இல்லை.

இங்கே ஒரு கேள்வி கேட்க வேண்டும். நடப்புச் சொத்துகள் நடப்புப் பொறுப்புகளை மிஞ்சி நிற்கும் தொகை 18-லிருந்து 40 ஆனது. இந்த 22 இலட்சம் எங்கிருந்து வந்தது? கணக்கில் ஒரு குறிப்பு கொடுத்திருந்தேன்: உரிமையாளர் 5.95 இலட்சம் எடுப்பு போக இலாபத்தில் 5 இலட்சத்தைக் கடையில் விட்டார். மீதி 17 இலட்சத்துக்கு நிலத்தை அடமானம் வைத்து நீண்டகாலக் கடன் வாங்கினார். நீண்டகாலக் கடன் நடப்புப் பொறுப்பில் சேராது. ஆகவே கடன் வாங்கியதாலேயே நடப்பு விகிதம் அழகாகத் தெரிகிறது.

இரண்டாம் படி: இலாபத்தன்மை

மொத்த இலாப விகிதம் 5 விழுக்காட்டிலிருந்து 6 ஆகவும், நிகர இலாப விகிதம் 2-லிருந்து 2.5 ஆகவும் உயர்ந்துள்ளன. ஷீட் வியாபாரத்தில் விளிம்பு இப்படி மெலிதாகத்தான் இருக்கும். அதனால் ஒரு விழுக்காடு உயர்வு என்பது பெரிய செய்தி.

ஆனால் இந்த உயர்வு வியாபாரத் திறமையால் வந்ததா, விலையால் வந்ததா என்று விகிதம் சொல்லாது. ரப்பர் விலை ஏறும் ஆண்டில், குறைந்த விலைக்கு வாங்கிய ஷீட் கூடிய விலைக்குப் போகும். கிலோ கணக்கில் ஒன்றும் கூடாமலே விற்பனையும் இலாபமும் கூடும். விலை இறங்கினால் இதே கதை தலைகீழாகும். மார்ச் 31 அன்று இருக்கும் 36 இலட்சச் சரக்கின் சந்தை விலை, அடக்கவிலையைவிட 10 விழுக்காடு கீழே போனால், எது குறைவோ அந்த மதிப்பில்தான் சரக்கிருப்பைக் காட்ட வேண்டும். அப்போது 3.6 இலட்சம் போய்விடும். அது ஆண்டின் நிகர இலாபத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. எனவே மாணவர்கள் ரூபாயோடு கிலோவையும் கேட்கப் பழக வேண்டும்.

மூன்றாம் படி: நாட்கள்

சுழற்சி விகிதத்தை "18.25 தடவை" என்று எழுதினால் பிள்ளைகளுக்கு ஒன்றும் தோன்றுவதில்லை. அதையே நாளாக மாற்றினால் உடனே புரிகிறது. வழி எளிது. ஓராண்டு விற்பனையை 365-ஆல் வகுத்தால் ஒரு நாள் விற்பனை கிடைக்கும்: முதல் ஆண்டில் 1 இலட்சம், இரண்டாம் ஆண்டில் 1.2 இலட்சம். கடனாளிகள் தொகையில் எத்தனை நாள் விற்பனை அடங்கியிருக்கிறது என்று பார்த்தால் அதுவே வசூலிப்புக் காலம். 15-ஐ 1-ஆல் வகுக்க 15 நாள், 42-ஐ 1.2-ஆல் வகுக்க 35 நாள். ஆறாம் வகுப்பு விகிதம், விகிதசமம் பாடத்தைத் தாண்டிய கணக்கு இதில் எதுவும் இல்லை.

சரக்கிருப்புக்கு ஒரு நாள் அடக்கவிலையை எடுக்க வேண்டும். முதல் ஆண்டில் அது 0.95 இலட்சம், 19-ஐ வகுத்தால் 20 நாள். இரண்டாம் ஆண்டில் 1.128, 36-ஐ வகுத்தால் ஏறத்தாழ 32 நாள். பலர் இங்கும் விற்பனையாலேயே வகுத்து 30 நாள் என்று எழுதினார்கள். சரக்கிருப்பு அடக்கவிலையில் இருக்கிறது. விற்பனையில் இலாபமும் சேர்ந்திருக்கிறது. இரண்டையும் கலக்கக் கூடாது. விளிம்பு மெலிந்த ஷீட் கடையில் இந்தப் பிழை இரண்டு நாளோடு போயிற்று. விற்பனையில் 30 விழுக்காடு இலாபம் வைக்கும் கடையாக இருந்தால், உண்மையான 100 நாள் 70 நாளாகத் தெரியும்.

இரண்டையும் கூட்டிப் பாருங்கள். ஒரு ஷீட் கடைக்குள் வந்த நாளிலிருந்து பணமாகத் திரும்ப முதல் ஆண்டில் 35 நாள் ஆனது. இரண்டாம் ஆண்டில் 67 நாள் ஆகிறது. இந்தத் தாமதத்தின் ஒரு பகுதியைச் சுமப்பவர் ஷீட் கொடுத்தவர். பாக்கியை ஒரு நாள் அடக்கவிலையால் வகுத்தால், அவர் காத்திருந்த காலம் 6 நாளிலிருந்து 12 நாளாகியிருக்கிறது. மாணவி கேட்ட கேள்விக்குப் பதில் இந்த இடத்தில் இருக்கிறது.

நான்காம் படி: நாளை ரூபாயாக்குதல்

விற்பனை கூடினால் கடனாளிகள் கூடுவது இயல்பு என்று ஒரு மாணவன் சொன்னான். சரியான வாதம்தான். எவ்வளவு கூடுவது இயல்பு என்பதையும் கணக்கிடலாம். பழைய 15 நாளே நீடித்திருந்தால் கடனாளிகள் 15 × 1.2 = 18 இலட்சமாக இருந்திருக்கும். இருப்பதோ 42. எனவே 24 இலட்சம் தாமதத்தால் முடங்கியது. சரக்கிருப்பு பழைய 20 நாளில் நின்றிருந்தால் 22.56 இலட்சம், இருப்பது 36. இங்கே 13.44 இலட்சம். மொத்தம் 37.44 இலட்சம் அடைபட்டுக் கிடக்கிறது. ஆண்டு முழுவதும் ஈட்டிய நிகர இலாபமோ 10.95 இலட்சம்தான். இந்த இரண்டு எண்களையும் கரும்பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதியபோது வகுப்பு அமைதியானது.

ஐந்தாம் படி: தாளுக்கு வெளியே போதல்

35 நாள் என்பது சராசரி. எல்லாரும் 35 நாளில் தருகிறார்களா, ஒருவர் மட்டும் தராமல் இருக்கிறாரா என்று அது காட்டாது. கடனாளிகளின் பட்டியலைப் பாக்கி நின்ற நாள்வாரியாகப் பிரித்தால்தான் தெரியும். எங்கள் மாதிரிக் கணக்கில் அந்தப் பட்டியலை இரண்டாம் வகுப்பில்தான் கொடுத்தேன்: ஒரே ஒரு மொத்த வியாபாரி 24 இலட்சத்தை 90 நாளுக்கு மேல் தரவில்லை. மற்றவர்கள் பாக்கி 18 இலட்சம். அவர்கள் ஏறத்தாழப் பழையபடியே தருகிறார்கள்.

அந்த 24 இலட்சம் வராது என்று வைத்துத் தாளைத் திரும்ப எழுதச் சொன்னேன். நடப்பு விகிதம் 2-லிருந்து 1.4-க்கு இறங்குகிறது. விரைவு விகிதம் 1.1-லிருந்து பாதியாகி 0.5-ல் நிற்கிறது. 10.95 இலட்சம் இலாபம் 13.05 இலட்சம் நட்டமாகிறது. நான்கு வகை விகிதங்களும் தனித்தனி அல்ல. கடனாளிகள் தொகை பொய்த்தால் நீர்மைத்தன்மையும் இலாபத்தன்மையும் சேர்ந்தே சரியும் என்பதை அவர்கள் தாங்களே கண்டார்கள். வாரா ஐயக்கடன் ஒதுக்கு எதற்கு என்று தனியாக விளக்க வேண்டியிருக்கவில்லை.

இரண்டு எச்சரிக்கைகள்

பாடநூல் சூத்திரம் சராசரிச் சரக்கிருப்பையும் சராசரிக் கடனாளிகளையும் கேட்கிறது. தேர்வில் அப்படியே செய்ய வேண்டும். ஆனால் இரண்டு இருப்புநிலைக் குறிப்புகள் மட்டும் இருக்கும்போது முதல் ஆண்டின் தொடக்க இருப்பு கிடைக்காது. ஓர் ஆண்டுக்குச் சராசரியும் மற்றோர் ஆண்டுக்கு இறுதி இருப்பும் எடுத்தால் ஒப்பீடு கெட்டுவிடும். அதனால்தான் இரண்டு ஆண்டுக்கும் இறுதி இருப்பையே எடுத்தோம். இரண்டாம் ஆண்டுக்குச் சராசரி எடுத்திருந்தால் வசூலிப்புக் காலம் 24 நாள் என்றே வந்திருக்கும். சிக்கலில் பாதி மறைந்திருக்கும். எந்த முறை என்று தாளின் தலைப்பிலேயே எழுதி வைப்பது நல்லது.

இரண்டாவது, மார்ச் 31 என்ற நாள். ரப்பர் மரம் பனிக்காலத்தை ஒட்டி இலை உதிர்க்கும். அதன் பின் பால் குறையும். பல தோட்டங்களில் பால்வெட்டுக்கு ஓய்வு விடுவார்கள். எனவே ஆண்டு முடிவு, வரத்து மெலிந்த காலத்தை ஒட்டி வருகிறது. அந்த ஒரு நாள் இருப்பு ஆண்டு முழுவதையும் காட்டாது. வரத்து குறைந்த வேளையிலும் 32 நாள் சரக்கு இருக்கிறது என்றால், விலை ஏறும் என்று பிடித்து வைத்தாரா, தரம் குறைந்து விற்காமல் நின்றதா என்று கேட்க வேண்டும். மாதந்தோறும் முடிவு இருப்பு கிடைத்தால் பன்னிரண்டையும் கூட்டிச் சராசரி எடுப்பதே சரி. முந்திரி, நெல், தேங்காய் என்று உங்கள் ஊர்ச் சரக்கு எதுவானாலும், அதன் பருவத்தை முதலில் கேட்டுவிட்டு நாள் கணக்குக்குப் போங்கள்.

வகுப்புக்கான தாள்

விகிதம், முதல் ஆண்டு, இரண்டாம் ஆண்டு என்ற மூன்று பத்திகளோடு, "இதை உறுதி செய்ய நான் யாரிடம் என்ன கேட்பேன்?" என்று நான்காவது பத்தி ஒன்று சேர்த்துக் கொடுங்கள். "திருப்திகரம்" என்ற சொல்லை அதில் எழுதக் கூடாது என்று மட்டும் சொல்லுங்கள். எங்கள் வகுப்பில் அந்த மாணவி, நடப்பு விகிதத்துக்கு நேரே இப்படி எழுதியிருந்தாள்: "80 இலட்சத்தில் நாளைக்கே கொடுக்கக்கூடியது எவ்வளவு?"